பரிந்துரைக் கடிதத்தில் பிழை பார்ப்பது: முதலில் பெயர், பிறகு பாராட்டு, கடைசியில் ஹி, ஷி

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் மூத்த வேதியியல் ஆசிரியர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவிக்காக ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் எழுதி, என்னைப் பிழை பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஒரு பத்தியில் அவள் பெண், அடுத்த பத்தியில் ஆண். பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒரே பாராட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அவர் மனம் நோகாமல், ஒன்றையும் தவறவிடாமல் எப்படித் திருத்துவது?

பதில்:

இந்தப் பிழைகளில் பலவும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். உங்கள் ஆசிரியர் சென்ற ஆண்டு ஒரு மாணவனுக்கு எழுதிய கடிதத்தைத் திறந்து, அதன்மேலேயே இந்த ஆண்டுக் கடிதத்தை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பத்துப் பதினைந்து கடிதங்கள் எழுத வேண்டிய ஆசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பழைய கடிதத்தின் எச்சங்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். மேலிருந்து கீழாக ஒருமுறை கவனமாக வாசித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பொருளைப் பின்தொடர்ந்து வாசிக்கும் கண், ஹி என்று இருக்கும் இடத்தை ஷி என்றே படித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வகைப் பிழைக்கும் தனித்தனியாக ஒருமுறை கடிதத்தைக் கடந்து வாருங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள், அடுத்து பாராட்டை. ஹி, ஷி கடைசியில் வரட்டும். பாராட்டைக் குறைக்கும்போது வாக்கியங்கள் போகும், புதியவை வரும். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கும் ஷி யாரைக் குறிக்கிறது என்பதே மாறிவிடலாம். முன்கூட்டியே அவற்றைத் திருத்தினால் அந்த வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

பெயர் உச்சரிப்பையோ மொழியறிவையோ வைத்துத் தீர்மானிக்கும் விஷயமல்ல, ஆவணத்தை வைத்துத் தீர்மானிப்பது. உங்கள் மாணவியின் பெயரை மெய்யம்மை என்றும், தந்தை பெயரைப் பழனியப்பன் என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். மெய்யம்மையை ஆங்கிலத்தில் Meyyammai, Meiyammai, Meyammai என்று எப்படி எழுதினாலும் நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றுமே சரியாகத் தெரிவதால்தான் கடிதத்தில் மூன்றும் ஒன்றாக இடம்பிடிக்கின்றன. ஆனால் சேர்க்கை அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை ஒரு விண்ணப்பத்தோடு பொருத்த வேண்டியவருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயர் ஆங்கிலத்தில் Alagappa. ழகரத்துக்கு zh போடுவதுதான் முறை என்று சொல்லி அதை யாரும் திருத்துவதில்லை. மாணவியின் பெயருக்கும் அதே மரியாதை வேண்டும். அவள் பாஸ்போர்ட்டிலும் விண்ணப்பத்திலும் எப்படி இருக்கிறதோ அதுவே சரி.

செட்டிநாட்டுப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கம் இனிஷியல் எப்போதும் ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லை. ராமநாதனுக்கு RM, பழனியப்பனுக்கு PL என்று இரண்டெழுத்தாகப் போடுவது நெடுநாள் வழக்கம். RM. அழகப்பச் செட்டியார் என்றுதான் அவர் பெயரை இன்றைக்கும் எழுதுகிறோம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு PL என்பது பி, எல் என்ற இரண்டு தனி இனிஷியல்கள். யாராவது நடுவே ஒரு புள்ளி வைத்து P. L. Meyyammai என்று ஆக்கிவிட்டால், இல்லாத ஒரு பெயர் கூடுதலாக முளைத்துவிடும். பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அதனால் மதிப்பெண் சான்றிதழில் MEYYAMMAI PL என்றும், பாஸ்போர்ட்டில் இயற்பெயர் Meyyammai, குடும்பப்பெயர் Palaniappan என்றும் இருப்பது சாதாரணம். கடிதம் விண்ணப்பத்தைப் பின்பற்ற வேண்டும். முதல் வரியில் Meyyammai Palaniappan என்று முழுப்பெயர், அதன்பின் வெறும் Meyyammai. பள்ளிப் பதிவேட்டில் பெயர் MEYYAMMAI PL என்று இருப்பதை ஒரு சிறு வாக்கியமாக முதல் பத்தியிலேயே சொல்லிவிட ஆசிரியரிடம் கேளுங்கள். சான்றிதழையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வரும் ஐயம் அதோடு தீர்ந்துவிடும். ஆங்கிலக் கடித மரபு என்று நினைத்து மிஸ் பழனியப்பன் என்று மட்டும் எழுத வேண்டாம். நம் ஊரில் அது அவள் அப்பாவின் பெயர். கடிதத்தின் பாதியில் பேச்சு யாரைப் பற்றியது என்ற குழப்பம் வரும்.

சரியான எழுத்துக்கோவையை எப்படிப் பெறுவது? கடிதத்தை மாணவியிடம் காட்டிக் கேட்காதீர்கள். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைக் கடிதம் மாணவர் கண்ணில் படாமல் நேராகத் தங்களுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. விண்ணப்பத்தில் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் அவளிடமிருந்து வாங்குங்கள். பார்த்துத் தட்டச்சு செய்யாமல் அங்கிருந்தே நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டுங்கள். பிறகு இருவராக உட்கார்ந்து, ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்து எம், இ, ஒய், ஒய் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மற்றவர் கடிதத்தில் விரல் வைத்துப் பாருங்கள். இரட்டை ஒய்யும் இரட்டை எம்மும் உள்ள பெயரில் ஓர் எழுத்து விழுந்திருப்பதை வேறு எந்த வழியும் இவ்வளவு உறுதியாகக் காட்டாது.

தப்பான வடிவங்களைத் தேடும்போது முழுப்பெயரைத் தேடாதீர்கள். சரியான பெயரைத் தேடினால் சரியானவைதான் அகப்படும். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளான Me என்பதை மட்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டோடு தேடுங்கள். மூன்று வடிவங்களும் வரிசையாக வந்து நிற்கும். சிவப்புக் கோட்டை நம்ப வேண்டாம். நம் பெயர்கள் பெரும்பாலும் கணினியின் அகராதியில் இல்லாததால் சரியான வடிவத்துக்கும் சிவப்புக் கோடு விழும். ஆசிரியர் எரிச்சலில் தவறான வடிவத்தை ஒருமுறை அகராதியில் சேர்த்திருந்தால், அது எத்தனை முறை வந்தாலும் கோடு விழாது.

பிறகு கடிதத்தை அச்செடுத்து, பெரிய எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் சுழியுங்கள். சுழித்தவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள். சென்ற ஆண்டு மாணவனின் பெயர், அவன் விண்ணப்பித்த பல்கலைக்கழகம், அவன் சேர விரும்பிய படிப்பு என்று எது மிச்சமிருந்தாலும் பெரும்பாலும் அந்தச் சுழிகளுக்குள் அகப்பட்டுவிடும். கடிதம் பார்க்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இந்த முறையைத்தான்.

அடுத்தது பாராட்டு. இதில்தான் பிழை பார்ப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு கெடுதல் செய்கிறார்கள். ஹார்ட்வொர்க்கிங் என்ற சொல் நான்கு முறை வருகிறது என்றால், மூன்று இடங்களில் அதே பொருளுள்ள வேறு சொற்களைத் தேடிப் போட்டுவிடுகிறார்கள். சொல் மாறினாலும் கூற்று மாறவில்லை, கடிதம் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆங்கிலம் சரளமாக வாசிப்பவருக்கு அந்த மாறுவேடம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக ஓரத்தில், அது மாணவியைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்லில் எழுதுங்கள். உங்கள் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் அவள் சின்சியரான, கடினமாக உழைக்கும் மாணவி. இரண்டாவதில் படிப்பில் அயராத முயற்சி உடையவள். மூன்றாவதில் ஆய்வகத்தில் சலிக்காமல் வேலை செய்பவள், ஒழுக்கமானவள். நான்காவதில் இத்தகைய உழைப்பும் ஒழுக்கமும் கொண்ட மாணவியைப் பரிந்துரைப்பதில் ஆசிரியர் மகிழ்கிறார். ஓரத்தில் உழைப்பு, உழைப்பு, உழைப்பு, ஒழுக்கம், உழைப்பு, ஒழுக்கம் என்று வரும். அறிவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேதியியல் படிக்கப் போகிற பெண்ணைப் பற்றி ஒரு வேதியியல் ஆசிரியர் எழுதிய முழுப் பக்கத்தில், அவள் யோசிப்பாள் என்று ஒரு வரிகூட இல்லை!

பெண்களுக்கான கடிதங்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஒரு கட்டுரை, பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகச் சிறியவை என்றும், முயற்சியையும் உழைப்பையும் குறிக்கும் சொற்கள் அவற்றில் கூடுதலாக வருகின்றன என்றும் காட்டியது. உழைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, திறமையில் உள்ள குறையை உழைப்பால் ஈடுகட்டுகிறவள் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரக்கூடும். உங்கள் ஆசிரியர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். ஆனால் கடிதம் அப்படிப் பேசுகிறது.

இந்தக் குறையை நீங்களாக நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. மாணவியைப் பார்த்தவர் அவர். நீங்கள் செய்யக்கூடியது ஒரு கேள்வி கேட்பது. “ஐயா, கடின உழைப்பு நான்கு இடங்களில் வருகிறது. நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் அதை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஆசிரியரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மாணவர்களைப் பற்றிப் பேசச் சொன்னால் அவர்கள் முகம் மலரும், எழுதும்போது வராதது பேச்சில் வரும்.

அவர் இப்படி ஒன்றைச் சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் பெரஸ் சல்பேட் கரைசலைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெய்யம்மையின் முதல் அளவு மற்ற இரண்டைவிட 0.4 மில்லிலிட்டர் கூடுதலாக வந்தது. மற்றவர்கள் அந்த முதல் அளவை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். அவள் நிறுத்தினாள். பியூரெட்டின் திருகுக்குக் கீழே, நுனியில், ஒரு காற்றுக்குமிழ் இருந்திருக்க வேண்டும், அது தரம்பார்க்கும்போது வெளியேறியதால்தான் அளவு கூடியது என்று சொன்னாள். பெர்மாங்கனேட்டின் அடர்ந்த நிறத்தில் அந்தக் குமிழ் கண்ணில் படுவது கடினம். மறுபடியும் நிரப்பி, நுனியைச் சோதித்து, அளவை எடுத்துக் காட்டினாள்.

இந்த ஒரு சம்பவத்தில் உழைப்பும் இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது, காரணத்தைத் தேடும் அறிவும் இருக்கிறது. இதை ஐந்தாறு வரிகளில் மூன்றாம் பத்தியில் வைத்துவிட்டால் முதல் இரண்டு பத்திகளில் இருக்கும் உழைப்பு, முயற்சி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். கடைசிப் பத்தியில் பரிந்துரை மட்டும் நின்றால் போதும். கடிதம் நீளத்தில் குறையும். குறையட்டும்.

தன் பணிக்காலத்திலேயே சிறந்த மாணவி என்பது போன்ற வரி இருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள். அது சென்ற ஆண்டு மாணவனுக்கு எழுதியதாக இருக்கலாம். இரண்டு கடிதங்களும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் இரண்டின் மதிப்பும் கெடும். ஆனால் அந்த வரி நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்பது அவர் முடிவு. உங்களுடையதல்ல.

இப்போது ஹி, ஷி. இவை ஏன் இவ்வளவு எளிதாக மாறிப்போகின்றன என்றால், பழைய கடிதம் ஒரு காரணம். அதோடு மூத்த ஆசிரியர்கள் பலர் மனத்தில் மாணவரை அவர் என்று மரியாதையாக நினைத்தே எழுதுகிறார்கள். அங்கே ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்துக்கு வரும்போது கை பழக்கத்தில் ஹி என்று போட்டுவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தியும் உதவாது. இரண்டுமே சரியான சொற்கள், மாணவி பெண் என்று அதற்குத் தெரியாது.

ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றும் கட்டளையை மட்டும் கொடுக்காதீர்கள். முழுச்சொல் என்று குறிப்பிடாமல் he-க்குப் பதில் she என்று மாற்றினால், the என்பதெல்லாம் tshe ஆகிவிடும். முழுச்சொல்லாக மாற்றினாலும் கடிதத்தில் வேறு ஆண்கள் இருக்கலாம். அவள் அப்பா கடை வைத்திருக்கிறார், அவருக்கு உதவிக்கொண்டே படித்தாள் என்று ஒரு வரி இருந்தால் அங்கே வரும் ஹிஸ் சரியானது, அதைத் தொடக்கூடாது. மாணவிக்கு எழுதியதை மாணவனுக்கு மாற்றும்போது இன்னும் கடினம். ஹெர் என்ற ஒரே சொல் சில இடங்களில் ஹிஸ் ஆக வேண்டும், சில இடங்களில் ஹிம் ஆக வேண்டும். எந்தக் கட்டளைக்கும் அது தெரியாது.

ஆகவே தேடுங்கள், நின்று பாருங்கள், கையால் மாற்றுங்கள். வேர்டில் Find whole words only என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு he, him, his, himself என ஒவ்வொன்றாகத் தேடலாம். கூகுள் டாக்ஸிலோ லிப்ரேஆபீஸிலோ, வழக்கமான தேடலுக்குப் பதில் regular expressions என்ற தெரிவைப் போட்டுக்கொண்டால் நான்கையும் ஒரே தேடலில் பிடிக்கலாம்:

```
\b[Hh](e|im|is|imself)\b
```

அகப்படும் ஒவ்வொன்றிலும் நின்று, இது யார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெய்யம்மை என்றால் மாற்றுங்கள். அப்பா என்றால் விட்டுவிடுங்கள். சட்டென்று சொல்ல முடியவில்லை என்றால் அந்த வாக்கியமே தெளிவாக இல்லை, அங்கே பெயரையே போட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் பெயர்ச்சொற்களில் பழைய மாணவன் உட்கார்ந்திருப்பான். பாய், சன், யங் மேன், மிஸ்டர், மாஸ்டர், ஹெட் பாய் போன்றவற்றைத் தனியாகத் தேடுங்கள். ஷி இஸ் எ பிரைட் யங் மேன் என்ற வாக்கியம் உண்மையிலேயே கடிதங்களில் வரும். மாணவர் விண்ணப்பத்தில் தம்மை வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தால், கடிதமும் அதையே பின்பற்ற வேண்டும். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் மாற்றக்கூடாது.

உள்ளூர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்குத் தமிழில் கடிதம் கேட்டால், தேடல் பெட்டி அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே ஆணும் பெண்ணும் வினைமுற்றில் ஒளிந்திருப்பார்கள். செல்வி என்று தொடங்கி, நன்றாகப் படிக்கிறான் என்று ஒரு வரி, பங்கேற்றார் என்று அடுத்த வரி. கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் பின்னோக்கி வந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் ஆர் விகுதியில் நிறுத்திவிடுவது நல்லது.

திருத்தங்களை ஆசிரியரிடம் கொடுக்கும்போது மாற்றங்கள் தெரியும்படி வேர்டின் Track Changes வழியாகக் கொடுங்கள். எதை மாற்றினோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும், கையெழுத்து அவருடையது. பெயரும் ஹி, ஷியும் திருத்தப்பட்டவை, பாராட்டு பற்றியவை கேள்விகள் என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு மாற்றங்களை எல்லாம் ஏற்று, ஓரக் குறிப்புகளை நீக்கிவிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கப்பட்ட பழைய பெயர் பல்கலைக்கழகத்தின் திரையில் அப்படியே தெரியும்.

பிடிஎஃப் ஆன பிறகு கோப்பின் பெயரைப் பாருங்கள். அது சரியாக இருந்தாலும் அந்தக் கோப்பை உலாவியில் ஒருமுறை திறந்து, மேலே தாவலில் என்ன பெயர் தெரிகிறது என்று பாருங்கள். வேர்டில் File, Info என்ற இடத்தில் Title என்று ஒரு கட்டம் உண்டு. பழைய கடிதத்தை நகலெடுக்கும்போது அதுவும் கூடவே வரும். கடிதம் முழுவதும் மெய்யம்மை என்று இருக்க, தாவலில் சென்ற ஆண்டு மாணவனின் பெயர் நிற்கக்கூடும். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடியும் பிடிஎஃப் ஆக்கச் சொல்லுங்கள். பதிவேற்றிய பிறகு கோப்பை மாற்றப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை. அப்போது ஆசிரியரே தம் பள்ளி மின்னஞ்சலிலிருந்து சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, திருத்திய கடிதத்தை இணைத்து, மாணவியின் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.